வீடு கைமாறும்போது எது வீட்டோடு நிற்கும், எதை விற்பவர் எடுத்துப்போகலாம்

பழைய வீடோ ரீசேல் ஃபிளாட்டோ வாங்கும்போது தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்துவிடுகிறோம். வீடு பார்க்கப் போன அன்று ஹாலில் ஓடிக்கொண்டிருந்த ஏசி, சமையலறைச் சிம்னி, குளியலறை கீசர், மாடியில் இருந்த சோலார் தகடு ஆகியவை பேசிய விலையில் சேர்த்தியா என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. ‘அங்கேயே இருந்ததுதானே, சேர்த்துத்தான் விலை’ என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். ‘நான் தனியாகக் காசு போட்டு வாங்கி மாட்டியது, கழற்றிக்கொண்டு போவேன்’ என்று விற்பவர் நினைத்துக்கொள்கிறார். இரண்டு பேரும் நேர்மையானவர்களாக இருந்தாலும் சாவி கைமாறும் நாளில் மனக்கசப்பு வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் முதல்முறையாக வீடு வாங்குகிறவர்களையும் விற்கிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பில்டரிடம் புதிதாக வாங்கும் ஃபிளாட்டுக்கு வேறு ஒப்பந்தம், வேறு விதிகள். இங்கே பேசுவது ஒருவர் குடியிருந்த வீட்டை இன்னொருவர் வாங்குவது பற்றி.

முதலில், சட்டம் என்ன சொல்கிறது

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அதன் 8-வது பிரிவை ஒருமுறை படித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு வீட்டை விற்றால் அதோடு சேர்ந்து போகிறவை என்று அது சிலவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: பூட்டுகள், சாவிகள், கம்பிகள், கதவுகள், ஜன்னல்கள். அதன் பிறகு, ‘வீட்டின் நிரந்தரப் பயன்பாட்டுக்காக ஏற்படுத்தப்பட்ட மற்ற எல்லாப் பொருள்களும்’ என்று பொதுவாகச் சொல்லி முடிக்கிறது. நிலத்தை விற்றால் அந்த நிலத்தோடு பிணைந்த எல்லாமும் சேர்ந்து போகும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

‘நிலத்தோடு பிணைந்தது’ என்றால் என்ன என்பதற்கு 3-வது பிரிவில் விளக்கம் இருக்கிறது. அது மூன்று வகை. மரம், செடிபோல வேரூன்றி நிற்பது ஒன்று. சுவர், கட்டடம்போல மண்ணில் பதிந்திருப்பது இரண்டாவது. அப்படிப் பதிந்திருக்கும் ஒன்றின் நிரந்தரமான பயனுக்காக அதோடு பொருத்தப்பட்டது மூன்றாவது. தகராறு வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான்.

8-வது பிரிவு தொடங்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். ‘வேறு எண்ணம் வெளிப்படுத்தப்பட்டிருந்தால் தவிர’ என்றுதான் அது ஆரம்பிக்கிறது. அதாவது, இரண்டு பேரும் பேசி எழுதி வைத்துவிட்டால் எழுத்துதான் செல்லும். எழுதாமல் விட்ட இடத்தில்தான் சட்டத்தின் பொது விதி வந்து நிற்கும். ஹாலில் இருக்கும் தேக்கு ஊஞ்சலை எடுத்துப்போவேன் என்று எழுதி வைத்த விற்பவர் தாராளமாக எடுத்துப்போகலாம். பிரிட்ஜைக்கூட விட்டுத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர் விட்டுத்தான் ஆக வேண்டும்.

சந்தேகம் வந்தால் கேட்க வேண்டிய கேள்வி

ஆணி அடித்தது, திருகாணி போட்டது எல்லாம் வீட்டுக்குச் சொந்தம், சும்மா வைத்தது விற்பவருக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுக்கச் சரியில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 1944-ல் ஒரு வழக்கில் இதற்குத் தெளிவான அளவுகோல் தந்தது. ஒரு பொருள் எதோடு பொருத்தப்பட்டிருக்கிறதோ அதன் நிரந்தரமான பயனுக்காகப் பொருத்தப்பட்டிருந்தால் அது அசையாச் சொத்தின் பகுதி. அந்தப் பொருளையே நன்றாகப் பயன்படுத்துவதற்காக மட்டும் பொருத்தியிருந்தால், இறுக்கிப் பொருத்தியிருந்தாலும், அது அசையும் பொருள்தான்.

இதே வழியில் உச்ச நீதிமன்றம் 2010-ல் ஒரு தார்க் கலவை இயந்திரத்தைப் பற்றிச் சொன்னது. ஒன்றரை அடி ஆழ அடித்தளத்தில் அதை நட்டு போல்ட்டால் பொருத்தியிருந்தார்கள். ஓடும்போது ஆடாமல் இருக்கத்தான் அந்தப் பிடிமானம், அதனால் அது அசையாச் சொத்து ஆகிவிடாது என்பது தீர்ப்பு. அது உற்பத்தி வரி வழக்கு. இருந்தாலும், எதற்காகப் பொருத்தினார்கள் என்ற கேள்விக்கு எவ்வளவு எடை என்பது அதில் நன்றாகத் தெரிகிறது.

இதை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். சுவரில் போல்ட் போட்டு மாட்டிய டிவி, படம் பார்க்க வசதியாக இருக்க வேண்டும் என்பதற்காக மாட்டியது. சுவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆக, டிவி விற்பவருடையது. ஜன்னல் கிரில்லும் திருகாணியில்தான் நிற்கிறது. ஆனால் அது வீட்டின் பாதுகாப்புக்காக நிற்கிறது. ஆக, வீட்டுடையது. மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை யாரும் சிமென்ட் வைத்துப் பூசுவதில்லை. தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் அது இல்லாமல் குழாயில் தண்ணீர் வராது. வீட்டின் நிரந்தரப் பயன்பாட்டுக்காக வைத்தது என்ற சொற்களுக்குள் அது சரியாகப் பொருந்துகிறது.

பொருத்திய விதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கழற்றினால் சுவரோ தரையோ உடையும் என்றால், அதை நிரந்தரமாக இருக்கட்டும் என்றுதான் வைத்தார்கள் என்பதற்கு அது வலுவான அடையாளம். பழைய வீடுகளில் சமையலறைத் தரையில் பதித்த ஆட்டுரலும் பின்கட்டில் சிமென்ட் வைத்துக் கட்டிய துவைகல்லும் அப்படிப்பட்டவை. தனியாகக் கிடக்கும் அம்மியை விற்பவர் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு நடந்து பார்ப்போம்

தாம்பரம் பக்கம் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு தனி வீடு, விலை 68 லட்சம் என்று பேசியிருக்கிறது என வைத்துக்கொள்வோம். கையில் தாளோடு வாசலிலிருந்து தொடங்கலாம்.

வாசல் கேட், அதன் பூட்டு, கதவு, நிலை, ஜன்னல், கிரில், கொசுவலைச் சட்டம் எல்லாம் வீட்டோடு. நிலைக்கதவு வேலைப்பாடு உள்ள பழைய தேக்காக இருந்தால் இதைக் கூடுதல் கவனத்தோடு எழுதுங்கள். காரைக்குடியில் பழைய கதவுக்கும் தூணுக்கும் தனிச் சந்தையே இருக்கிறது. விற்பனை பேசி முடித்த பிறகு நிலையைப் பெயர்த்து எடுத்துவிட்டு ஒட்டுப்பலகைக் கதவை மாட்டிக் கொடுக்கும் ஆசை யாருக்கும் வரலாம். கதவு என்று சட்டமே பெயர் சொல்லியிருப்பதால் இதில் விவாதத்துக்கு இடமில்லை.

ஹாலுக்கு வந்தால் மின்விசிறி. சுவிட்ச், ஒயரிங், மின்விசிறி மாட்டும் கொக்கி எல்லாம் சந்தேகமில்லாமல் வீட்டுடையவை. மின்விசிறியைப் பற்றி இரண்டு பக்கமும் வாதிடலாம். நம் ஊரில் பல பேர் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டுதான் போவார்கள், பல பேர் விட்டுவிட்டுப் போவார்கள். டியூப்லைட்டும் அலங்கார விளக்கும் இதே கதைதான். ஸ்ப்ளிட் ஏசி அசையும் பொருள் என்று சொல்லவே வலுவான காரணம் இருக்கிறது. அதை எந்த வீட்டிலும் மாட்டலாம், அறையைக் குளிர்விப்பது அந்த இயந்திரத்தின் வேலை. எழுதவில்லை என்றால் ஏசி விற்பவரோடு போகும் என்று நினைத்துக்கொள்வதுதான் வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

சமையலறையில் மேடை, தொட்டி, குழாய் வீட்டுடையவை. மாடுலர் கிச்சன் என்று அளவெடுத்துச் செய்து சுவரோடு பொருத்திய அலமாரிகள் அந்த அறைக்காகவே செய்தவை, இன்னொரு வீட்டில் உட்காராது. அதனால் அவையும் வீட்டோடு. சிம்னியும் மேடையில் வெட்டிப் பதித்த அடுப்பும்தான் இழுபறி. பதித்த அடுப்பை எடுத்தால் கிரானைட்டில் பெரிய ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதே அளவில் இன்னொரு அடுப்பு கிடைப்பது எளிதில்லை. அதை விட்டுவிடச் சொல்லிக் கேளுங்கள். கேஸ் சிலிண்டரும் ரெகுலேட்டரும் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரோடு போகும். அதை விலையில் சேர்த்துப் பேசவே கூடாது.

படுக்கையறையில் சுவரில் பதித்த பீரோ, பரண் கதவு வீட்டோடு. கட்டில், நகர்த்தக்கூடிய பீரோ, திரைச்சீலை விற்பவரோடு. திரைச்சீலை மாட்டும் கம்பியை எழுதிக்கொள்ளுங்கள், அற்பமாகத் தெரிந்தாலும் குடிபோகும் முதல் இரவிலேயே அதைத் தேடுவீர்கள். குளியலறையில் பீங்கான் சாமான், குழாய்கள், ஷவர் வீட்டோடு. கீசர் மறுபடியும் இழுபறிப் பட்டியலில்.

வெளியே வந்தால் ஆழ்துளைக் கிணறும் அதன் மோட்டாரும். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். மோட்டார் குழாய்க்குள் பல அடி ஆழத்தில் இருக்கிறது, யாரும் எடுக்க மாட்டார்கள் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அதை ஓட்டும் ஸ்டார்ட்டர் பெட்டி சுவரில்தான் தொங்குகிறது, இரண்டு திருகாணியில் கையோடு வந்துவிடும். அது போனால் மோட்டார் இருந்தும் தண்ணீர் இல்லை. வீட்டுக்குத் தண்ணீர் தரும் மோட்டார் வீட்டின் நிரந்தரப் பயனுக்கானது என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. ஆனால் 1960-களின் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், நிலத்தில் பொருத்தியிருந்த டீசல் எஞ்சினை அசையும் பொருளாகவே கருதினார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எனவே ‘மோட்டார், கேபிள், குழாய், ஸ்டார்ட்டர் பெட்டி உட்பட’ என்று முழுசாக எழுதுங்கள்.

தோட்டத்தில் மண்ணில் நிற்கும் தென்னை, மா, கறிவேப்பிலை எல்லாம் நிலத்தோடு. தொட்டிச் செடிகள் விற்பவரோடு. தேக்குபோல வெட்டி விற்கும் மரம் நின்றால் தனியாகப் பேசிக்கொள்வது நல்லது. வெட்டுவதற்காக நிற்கும் மரத்தைச் சட்டம் அசையாச் சொத்து என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் வேறு ஏதும் எழுதாமல் நிலத்தை விற்றால் அதில் வேரூன்றி நிற்பதும் சேர்ந்தே போகும். ஆகவே ஒப்பந்தம் போட்ட பிறகு ‘அந்த இரண்டு தேக்கை மட்டும் வெட்டிக்கொள்கிறேன்’ என்று விற்பவர் வர முடியாது. வேண்டுமென்றால் முதலிலேயே எழுதி ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

மாடியில் சோலார் தகடு இருந்தால் அதை எடுப்பது யாருக்கும் லாபமில்லை என்பது என் கருத்து. தாங்கும் சட்டத்தின் போல்ட் தளத்துக்குள் இறங்கியிருந்தால், பிடுங்கிய இடத்தில் மழை நீர் கசியும். நெட் மீட்டர் வேறு அந்த வீட்டின் மின் இணைப்போடு கட்டப்பட்டிருக்கிறது. விலையைப் பேசி அங்கேயே விட்டுவிடுவதும், மின் இணைப்பைப் பெயர் மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றிக்கொள்வதும்தான் நல்ல வழி.

ஃபிளாட்டாக இருந்தால் ஒரு விஷயம் கூடுதல். ஜெனரேட்டர், லிஃப்ட், வாசல் கேமரா, பொதுத் தொட்டி ஆகியவை குடியிருப்போர் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றை விற்கவோ எடுக்கவோ தனியாக எந்த உரிமையாளருக்கும் உரிமை இல்லை.

வாடகைக்கு ஆள் இருந்தால்

இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. வீட்டில் குடித்தனக்காரர் இருக்கும்போது நீங்கள் பார்க்கும் பொருள்களில் பாதி விற்பவருடையதாகவே இருக்காது. அதே சட்டத்தின் 108-வது பிரிவு, குடித்தனக்காரர் தாம் பொருத்தியவற்றைக் கழற்றி எடுத்துப்போக உரிமை தருகிறது. வீடு அவர் வசம் இருக்கும் வரைதான் அந்த உரிமை. குடிவந்தபோது வீடு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது நிபந்தனை. வாடகை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி.

ஆகவே பால்கனியில் இருக்கும் வலையோ, குளியலறை கீசரோ, ஏசியோ யார் போட்டது என்று குடித்தனக்காரரிடமே நேரில் கேளுங்கள். ‘அம்மா, இந்த கீசர் உங்களுடையதா, வீட்டுக்காரர் போட்டதா?’ என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப்போவதில்லை. வீட்டுக்காரரே மறந்திருக்கக்கூடிய பதில் அங்கே கிடைக்கும். விற்பவர் நல்ல மனத்தோடு ‘எல்லாம் விட்டுத் தருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தாலும், தனக்குச் சொந்தமில்லாத பொருளை அவரால் தர முடியாது.

பட்டியலை எழுதுவது

விலை படிந்து, டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள். பணம் கொடுத்த பிறகு கேட்டால் புதிதாக ஏதோ பிடுங்கப் பார்ப்பதாக விற்பவருக்குத் தோன்றும். முன்பே கேட்டால் அது விலைப் பேச்சின் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

விற்பவரோடு அறை அறையாக நடந்து, போனில் வீடியோ எடுத்துக்கொண்டே போங்கள். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள், அவர் குடும்பத்துப் பொருள்களும் அதில் விழும். ஒவ்வொரு பொருளுக்கும் அப்போதே பதில் வாங்கிக்கொண்டு மூன்றில் ஒன்றாகக் குறியுங்கள்: விலையில் சேர்த்தி, விற்பவர் எடுத்துப்போவது, தனி விலைக்குத் தருவது. வேலைப்பாடு உள்ள பழைய தேக்கு நிலைக்கதவைத் தவிர, தெளிவாகத் தெரிகிற மற்ற கதவு, ஜன்னலுக்கெல்லாம் வரி ஒதுக்க வேண்டாம், அவற்றைச் சட்டமே பார்த்துக்கொள்ளும். இழுபறிப் பொருள்களுக்குத்தான் பட்டியல் தேவை.

‘ஏசி ஒன்று’ என்று எழுதாதீர்கள். ‘கிழக்குப் படுக்கையறையில் உள்ள 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசி, வெளி யூனிட், செம்புக் குழாய், ஸ்டெபிலைசர், ரிமோட் உட்பட’ என்று எழுதி, கம்பெனி பெயரையும் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணையும் சேருங்கள். நல்ல ஏசி போய் அந்த இடத்தில் பழைய ஏசி வந்து உட்கார்ந்தால் சீரியல் எண் இல்லாமல் நிரூபிக்க முடியாது.

இந்தப் பட்டியலை விற்பனை ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேர்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பத்திரம் எழுதுபவரிடம் பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் ஒப்பந்தத்தில் அதைக் குறிப்பிட்டு ஒரு வரி சேர்த்துவிடுவார். ‘கதவு, நிலை, ஜன்னல், மின் இணைப்பு, டெபாசிட் உட்பட’ என்று கிரயப் பத்திரங்களில் வழக்கமாக ஒரு தொடர் வரும். அது நல்லதுதான், ஆனால் கீசருக்கும் சிம்னிக்கும் அது பதில் சொல்லாது.

தனி விலை பேசினால்

நம் தாம்பரம் வீட்டில் இரண்டு ஏசி, சிம்னி, இன்வெர்ட்டர் பேட்டரியோடு, ஒரு சோபா ஆகியவற்றை 1,10,000 ரூபாய்க்குத் தருவதாகப் பேச்சு என்று வைப்போம். இதை 68 லட்சத்தோடு கலக்காமல் தனிச் சீட்டாக எழுதி, பொருள்வாரியாக விலை போட்டு, வங்கி மூலம் பணம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். அசையும் பொருளுக்குப் பதிவு தேவையில்லை. வீட்டுக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து சுமார் 9 சதவீதம் போகிறபோது இந்தத் தொகை அதற்குள் வராமல் இருப்பது நியாயமான மிச்சம்தான்.

ஆனால் இதைப் பார்த்துவிட்டு, ‘ஃபர்னிச்சருக்கு எட்டு லட்சம் என்று போட்டுக்கொள்வோம், தீர்வை குறையுமே’ என்று இடைத்தரகர் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டின் உண்மையான விலையை மறைப்பது முத்திரைச் சட்டப்படி குற்றம். பிறகு கூடுதல் தீர்வையும் அபராதமும் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அதை வாங்கியவர்தான் சுமக்க வேண்டும். அது போக, வங்கி வீட்டுக்கடனைக் கணக்கிடுவது வீட்டின் மதிப்பை வைத்துத்தான். சோபாவுக்கும் ஏசிக்கும் வீட்டுக்கடன் கிடைக்காது, அந்தத் தொகைக்குக் கையில் பணம் வைத்திருக்க வேண்டும்.

விற்பவர் கழற்றும்போது

எடுத்துப்போக வேண்டியவற்றை, முடிந்தால் வீடு காட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். தாத்தா காலத்து ஊஞ்சல் உங்களோடு வர வேண்டும் என்றால் வாங்குபவர் கண்ணில் படாமல் இருப்பதே நல்லது. இல்லையென்றால் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கழற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒப்பந்தம் போட்டதிலிருந்து ஒப்படைக்கும் வரை, பொறுப்புள்ள ஓர் உரிமையாளர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 55-வது பிரிவு விற்பவர் மேல் கடமை வைக்கிறது. எடுக்க உரிமை இருக்கிறது என்பதற்காகச் சுவரை உடைத்து எடுக்க முடியாது.

ஏசியை எடுப்பதற்கு முன் மெக்கானிக் அதன் வாயுவை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைக்க வேண்டும், பிறகு சுவரில் குழாய் போன துளையை அடைக்க வேண்டும். அடைக்காத துளை வழியே மழையில் தண்ணீர் இறங்கும், பல்லியும் எலியும் நுழையும். கீசரை எடுத்தால் இரண்டு குழாய் முனைகளிலும் மூடி போட வேண்டும். போடாமல் விட்டால் வால்வைத் திறந்த நொடியில் சுவரிலிருந்து தண்ணீர் பீறிடும்.

இன்வெர்ட்டர்தான் எல்லாவற்றையும்விட ஏமாற்றக்கூடியது. வீட்டின் சில விளக்கும் விசிறியும் அதன் வழியாகத்தான் மின்சாரம் பெறுகின்றன. இன்வெர்ட்டரை அவிழ்த்து எடுத்துப்போய்விட்டால் வெளியே கரண்ட் இருந்தாலும் அந்த விளக்குகள் எரியாது. வாங்கியவர் ஒயரிங்கே பழுது என்று நினைத்துச் சுவரைக் கொத்த ஆள் கூப்பிடுவார். எலக்ட்ரீஷியனை வைத்து உள்ளே வரும் ஒயரையும் வெளியே போகும் ஒயரையும் முறைப்படி இணைத்துவிட்டுப் போவது விற்பவரின் வேலை. ஒப்பந்தத்திலேயே ‘கழற்றிய இடங்களைச் சரிசெய்து தர வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இந்தப் பேச்சே வராது.

பத்திரப்பதிவு அன்று காலையில்

பட்டியல் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், அதற்குப் பலம் இருப்பது மீதிப் பணம் உங்கள் கையில் இருக்கும் வரைதான். வங்கிக் கடனாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து முடிந்த கையோடு டிடி விற்பவரிடம் போய்விடும். அதற்குப் பிறகு ஒரு கீசரைக் காணோம் என்றால் வக்கீல் நோட்டீஸ், உரிமையியல் வழக்கு என்றுதான் போக வேண்டும். கீசரின் விலையைவிட அதற்குச் செலவு கூட. காவல் நிலையத்துக்குப் போனாலும் ‘இது சிவில் விவகாரம்’ என்ற பதிலுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

அதனால் பதிவுக்கு முந்தைய நாள் மாலையோ, அன்று காலையோ வீட்டுக்குப் போய்ப் பட்டியலோடு ஒருமுறை நடந்து பாருங்கள். விற்பவர் சாமான்களை ஏற்றிய பிறகு போவதுதான் சரி. அதற்கு முன் போனால் எது நிற்கும், எது போகும் என்று தெரியாது. எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள், மோட்டாரை ஓடவிட்டுத் தொட்டியில் தண்ணீர் விழுகிறதா என்று மேலே ஏறிப் பாருங்கள், எல்லா சுவிட்சையும் போடுங்கள், ஏசியின் சீரியல் எண்ணை ஒப்பிடுங்கள்.

ஏதாவது குறைந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். பொருளைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டுவது ஒரு வழி. தனிச் சீட்டில் பேசிய பொருளாக இருந்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வது எளிது. வீட்டு விலையில் சேர்ந்த பொருள் என்றால் பத்திரத்தில் உள்ள தொகையைக் கடைசி நேரத்தில் மாற்றுவது வங்கிக் கடன் இருக்கும்போது சிக்கல். அப்போது அதற்கு ஈடான தொகையை விற்பவர் தனியாக அனுப்பிவிட்டதாக உறுதியான பிறகு பதிவு அலுவலகத்துக்குக் கிளம்புங்கள். ‘அடுத்த வாரம் கொண்டுவந்து மாட்டுகிறேன்’ என்று விற்பவர் சொன்னால், தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாவி வாங்கும்போது எண்ணிக்கை கேளுங்கள். வாசல், பின்கதவு, மாடிக் கதவு, கேட், மோட்டார் அறை, அலமாரிகள், ஃபிளாட்டானால் தபால் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் இருக்கும் எல்லாப் பிரதிகளும் உங்களுக்குச் சேர வேண்டியவை. கேட் ரிமோட், ஏசி ரிமோட், சிம்னி, மோட்டார் ஆகியவற்றின் வாரண்டி அட்டைகள், சோலாருக்கான ஆவணங்கள் ஆகியவற்றையும் அதே நேரத்தில் வாங்கிக்கொண்டு, ‘பட்டியலில் உள்ளபடி பெற்றுக்கொண்டேன்’ என்று தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கதவின் பூட்டை அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.